இலக்கமுறைக் கையொப்பத்தில் மறைபொருளும் மெய்ப்பிப்பும்

முன்னுரை

பிட்காயின் பரிமாற்றத்தில் ஒப்பமிடுபவர் தம் தனித்திறவுகோலை எவருக்கும் காட்டுவதில்லை. எனினும் அத்திறவுகோலைக் கொண்டே ஒப்பம் இடப்பட்டது என்பதை வலையமைப்பிலுள்ள எந்தக் கணினியும் சரிபார்க்க இயலும். 2021 நவம்பர் முதல் அங்கு நடைமுறையிலுள்ள ஷ்நார் கையொப்ப முறையின் வழியாக இதனை இக்கட்டுரை விளக்குகிறது. பிட்காயினில் இக்கணக்கு நீள்வட்ட வளைவின் மீது 256 பிட் எண்களால் செய்யப்படுகிறது. இங்கு அதே அமைப்பு சிறிய எண்களால் காட்டப்படுகிறது.

ஒப்பமிடுதல்

2-இன் அடுக்குகளை 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்வோம். 2¹¹-இன் மீதி 1 ஆதலால், அடுக்கெண்களை 11-ஆல் வகுத்த மீதியாகக் கொண்டால் போதும். தனித்திறவுகோல் 7 எனில், 2⁷-இன் மீதியாகிய 13 பொதுத்திறவுகோலாகும். எண்கள் மிகப் பெரியனவாயின், 13-ஐப் போன்ற பொதுத்திறவுகோலிலிருந்து 7-ஐக் கண்டறிய நடைமுறையில் இயலும் வழி எதுவும் இன்று அறியப்படவில்லை.

ஒப்பமிடுபவர் முதலில் 5 என்னும் மறைவான ஒருமுறை எண்ணைத் தேர்ந்து, 2⁵-இன் மீதியாகிய 9-ஐக் கணிக்கிறார். இந்த 9, பொதுத்திறவுகோல், பரிமாற்றச் செய்தி ஆகியவற்றை ஹாஷ் சார்பில் இட்டால் 3 கிடைப்பதாகக் கொள்வோம். அதன்பின் விடையைக் கணிக்கிறார்:

```
5 + 3 × 7 = 26;  26 mod 11 = 4
```

9, 4 என்னும் இரண்டுமே கையொப்பமாக வெளியிடப்படுகின்றன.

சரிபார்த்தலும் மறைவும்

சரிபார்ப்பவர் ஹாஷ் எண்ணாகிய 3-ஐத் தாமே கணித்துக்கொண்டு, இரு பக்கங்களை ஒப்பிடுகிறார்:

```
2^4 mod 23 = 16
9 × 13^3 mod 23 = 16
```

இரண்டும் ஒத்திருப்பதால் ஒப்பம் ஏற்கப்படுகிறது. விடையாகிய 4 திறவுகோலைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரே சமன்பாட்டில் திறவுகோல், ஒருமுறை எண் ஆகிய இரண்டும் அறியப்படாதவை. போலி ஒப்பமிடுபவர் விடையை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற முதல் எண்ணைப் பின்னர் அமைக்க முயன்றால், அந்த எண்ணைப் பொறுத்தே ஹாஷ் மாறிவிடுகிறது.

ஒருமுறை எண் மீண்டும் வருதல்

அதே 5-ஐக் கொண்டு வேறொரு செய்திக்கும் ஒப்பமிட்டு, ஹாஷ் 8 என அமைந்தால் விடை 6 ஆகும். இரு ஒப்பங்களிலும் 9 தோன்றுவதே ஒருமுறை எண் மீண்டும் வந்தமைக்கு அடையாளம். இதைக் காண்பவர் விடைகளின் வேறுபாடாகிய 2-ஐ, ஹாஷ் எண்களின் வேறுபாடாகிய 5-ஆல் 11-இன் மீதிக் கணக்கில் வகுக்கிறார். 5 × 7 = 35; அதன் மீதி 2. ஆகவே திறவுகோல் 7 என வெளிப்படுகிறது. ஷ்நார் முறைக்கு முன்னரே பிட்காயினில் வழங்கிய ஈசிடிஎஸ்ஏ முறையிலும் இக்குறைபாடு உண்டு. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் தற்போக்கு எண் உருவாக்கியில் இருந்த பிழையால் இவ்வாறே திறவுகோல்கள் வெளிப்பட்டு நாணயங்கள் களவாடப்பட்டன. ஒருமுறை எண்ணைத் திறவுகோல், செய்தி ஆகியவற்றிலிருந்தே வருவிக்கும் முறை இதனைத் தவிர்க்கிறது.

முடிவுரை

திறவுகோலின் மறைவு, ஒருமுறை எண்ணின் மறைவையும் அது மீண்டும் வராமையையும் சார்ந்துள்ளது. மேலும், கையொப்பம் மெய்ப்பிப்பது திறவுகோல் பயன்படுத்தப்பட்டதை மட்டுமே. அதனைப் பயன்படுத்தியவர் உரியவரா, களவாடியவரா என்பதை அது கூறுவதில்லை.