சிவந்த மூக்கும் கன்னமும்: படத்தில் நிறத்தைச் சமன்செய்யும் முறை

அழுகையாலோ குளிராலோ முகம் சிவக்கும்போது முழு முகமும் ஒரே சீராகச் சிவப்பதில்லை. மூக்கு நுனி, மூக்கின் இரு ஓரங்கள், கன்னத்தின் மேடு, கண்ணிமை ஆகிய இடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தோலின் மேற்பரப்பை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. அழும்போது அவை விரிகின்றன. கைக்குட்டையால் திரும்பத் திரும்பத் துடைப்பதும் சிவப்பைக் கூட்டுகிறது. கடும் குளிரில் குழாய்கள் முதலில் சுருங்கினாலும், தோல் உறைந்து கெடாமல் இருக்க இடையிடையே விரிந்து இரத்தத்தை மேலே அனுப்புகின்றன. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: அந்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கூடுதலாக நிற்கிறது.

படத்தைத் திருத்துவதற்கான வழி இந்த உண்மையிலேயே இருக்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியையும் நீல ஒளியையும் நிறைய விழுங்குகிறது. சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆகவே கேமரா பதிந்த படத்தில் சிவந்த மூக்கு என்பது சிவப்பு கூடிய இடமல்ல, பச்சையும் நீலமும் குறைந்த இடம். போட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சேனல்களையும் தனித்தனியே கறுப்பு வெள்ளையாகத் திறந்து பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். சிவப்புச் சேனலில் மூக்கு நெற்றியைப் போலவே வெளிறி இருக்கும். பச்சைச் சேனலில் அதே மூக்கு கரிய திட்டாக நிற்கும்.

பலரும் செய்கிற முதல் காரியம், அந்த இடத்தில் நிறச்செறிவை மட்டும் குறைப்பது. அது பலன் தராது. சிவப்பு போய்விடும், ஆனால் விழுங்கப்பட்ட ஒளி திரும்பி வராததால் மூக்கு சாம்பல் பூத்து, உயிரற்ற தோலைப் போல ஆகிவிடும். மாநிற முகங்களில் இது இன்னும் மோசமாகத் தெரியும். பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டும் ஹீலிங், குளோன் கருவிகளும் இதற்கு ஏற்றவை அல்ல. தோலின் துளைகளும் ரேகைகளும் நன்றாகவே இருக்கின்றன, தவறியது நிறம் மட்டும்தான். நன்றாக இருப்பதை அழித்துவிட்டு வேறொன்றை ஒட்டக் காரணமே இல்லை.

செய்ய வேண்டியவை இரண்டு: நிறத்தைச் சற்று மஞ்சள் பக்கம் நகர்த்துவது, பிறகு இழந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது. முகூர்த்தம் முடிந்து, பெற்றோரிடம் விடைபெறும்போது அழுத மணமகளின் நெருக்கப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். Info பலகையைத் திறந்து, கர்சரை நெற்றியில் வைத்தால் சிவப்பு 190, பச்சை 140, நீலம் 112 என்று காட்டுகிறது என்று கொள்வோம். மூக்கு நுனியில் 186, 112, 98. சிவப்பு ஏறக்குறைய மாறவே இல்லை. பச்சை 28 புள்ளி விழுந்திருக்கிறது. நிறச் சக்கரத்தில் சொன்னால் நெற்றியின் நிறம் 21 பாகை அளவில், மூக்கின் நிறம் 10 பாகைக்கும் சற்றுக் கீழே. சுழி தூய சிவப்பு, 60 மஞ்சள். மூக்கை மஞ்சள் பக்கமாகப் பத்துப் பாகை தள்ள வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

அதற்கு Hue/Saturation அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைச் சேர்த்து, Master என்று இருப்பதை Reds ஆக மாற்ற வேண்டும். அவசரப்பட்டு Hue அளவை நகர்த்தினால் முகம் முழுவதும் மஞ்சளாகும். Reds என்பது தொடக்கத்தில் 345 பாகை முதல் 15 வரை முழுமையாகவும், பிறகு 45 வரை படிப்படியாகத் தேய்ந்தும் பிடிக்கிறது. நல்ல தோலின் 21 பாகையும் அந்த வலையில் விழுந்துவிடுகிறது. ஆகவே முதலில் Hue அளவை ஒரு கோடிவரை இழுத்துவிட வேண்டும். பிடிபட்ட இடமெல்லாம் பச்சையாகவோ நீலமாகவோ மாறி அச்சுறுத்தும். எது பிடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டுமே இது. இப்போது பலகையின் அடியில் உள்ள வண்ணப்பட்டையில், வலப்பக்கக் கைப்பிடிகளை உள்ளே நகர்த்த வேண்டும். முழுப் பிடி 10 பாகையிலும், தேய்வு 20 பாகையிலும் முடிந்தால் நெற்றியும் கழுத்தும் தம் நிறத்துக்குத் திரும்பி, மூக்கும் இமையும் கன்னத் திட்டும் மட்டும் அந்நிய நிறத்தில் நிற்கும். பிறகு Hue அளவைச் சுழிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து +10 வைத்தால் போதும்.

தேய்வுக்கான இடைவெளியை மிகவும் நெருக்கிவிடக் கூடாது. சிவப்பு மெல்ல மங்கித் தோலோடு கலக்கிற ஓரத்தில், திருத்தமும் மெல்ல மங்க வேண்டும். நெருக்கினால் அங்கே வரைபடக் கோடு போல ஓர் எல்லை தோன்றும். அதிகம் சுருக்கிய ஜேபெக் படங்களில் சின்னச் சின்னக் கட்டங்களும் எட்டிப்பார்க்கும். ரா கோப்பிலிருந்து 16 பிட்டில் வேலை செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இந்த லேயர் உதட்டையும், குங்குமத்தையும், சிவப்புப் பட்டுப் புடவையையும் சேர்த்தே பிடித்திருக்கும். அதனால் மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, ஓரம் மென்மையான வெள்ளை பிரஷ்ஷால், Flow பத்து சதவீத அளவில் வைத்து, சிவந்த இடங்களில் மட்டும் மெல்ல மெல்லத் தடவ வேண்டும். கண்ணின் உள்மூலையில் இயல்பாகவே இருக்கும் இளஞ்சிவப்பைத் தொடாமல் விடுவது நல்லது. அதை அழித்தால் கண் கண்ணாடிக் கண் போல ஆகிவிடும்.

நிறம் நகர்ந்தபின் மூக்கில் பச்சை 127 அளவுக்கு ஏறியிருக்கும். நீலம் 98லேயே நிற்கும். அதாவது நிறம் சரியாகிவிட்டது, ஆனால் மூக்கு இன்னும் கருமையாக இருக்கிறது. அதே மாஸ்க்கை நகலெடுத்து Curves லேயர் ஒன்றில் வைத்து, வளைவின் நடுப்பகுதியைச் சற்றே மேலே தூக்கினால் எண்கள் நெற்றியை நெருங்கும். அவை அப்படியே ஒத்துப்போக வேண்டியதில்லை. நலமாக இருக்கும் முகத்திலும் மூக்கும் கன்னமும் நெற்றியைவிட ஒரு சாயல் சிவப்பாகத்தான் இருக்கும். எனவே இரு லேயர்களின் Opacity அளவையும் 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் முகத்தில் உயிரோட்டம் நிற்கும். கன்னத்தில் கண்ணீர்த் துளி தெரிகிற படமென்றால் 50 சதவீதமே போதும். கண்ணீர் இருந்தும் மூக்கு சிவக்காத முகம் நம்பும்படி இருக்காது.

எல்லாச் சிவப்பும் இரத்தத்தால் வருவதில்லை என்பதையும் வேலையைத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் புடவையில் பட்டுத் திரும்பும் ஒளி தாடையின் அடியிலும் கழுத்திலும் படியும். மேடை விளக்கின் நிறம் முகத்தின் ஒரு பக்கம் முழுவதையும் பிடிக்கும். அழுகைச் சிவப்போ ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் மூக்கிலும் இமையிலும்தான் உட்கார்ந்திருக்கும். முகம் மொத்தமும் சிவப்பாக இருந்தால் அது வொயிட் பேலன்ஸின் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகே இந்த வேலைக்கு வர வேண்டும். வீங்கிய இமை, மூக்கின் மேல் ஈரப் பளபளப்பு ஆகியவற்றையும் இந்த முறை தீர்க்காது, அவை நிறத்தைச் சேர்ந்தவை அல்ல.

சரிபார்க்க, படத்தை விரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது நல்ல வழி. பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியாத மஞ்சள் திட்டு அப்போது தெரிந்துவிடும். ஆல்பத்துக்குப் போகும் வரிசையில் அழுகைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் அடுத்தடுத்து வரும் என்பதால், திருத்திய மூக்கை முந்தைய படத்தின் மூக்கோடு ஒப்பிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.