குதிரை மூக்கில் சிக்கிய காற்று

சதுரங்கக் காய்களில் ஒரு குதிரை தொலைந்துபோனது. இன்னொரு குதிரையை அளந்து கணினியில் வரைந்து, சிலிகான் மோல்டு செய்து ரெசின் ஊற்றினேன். பிரித்துப் பார்த்தால் குதிரைக்கு மூக்கு நுனி இல்லை. மறுபடி ஊற்றினேன்; அதே இடத்தில் அதே பள்ளம். கலக்கும்போது புகுந்த குமிழியென்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு மோல்டின் வடிவத்தில்தான்.

குதிரையை நெற்றியிலிருந்து வால்பக்கம் வரை நெடுக்கே வகிர்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 3டி பிரிண்டரில் இரண்டு திறந்த பெட்டிகள். ஒவ்வொன்றின் தரையிலும் பாதிக் குதிரை படுத்திருக்கும். சிலிகானை ஊற்றி உரித்தால் மோல்டின் ஒரு பாதி கிடைக்கும். பாதிகள் நழுவாமல் பொருந்த, ஒரு பெட்டித் தரையில் மேடுகள், மற்றதில் அவற்றுக்கு நேராகக் குழிகள். என் குதிரை 50 மி.மீ. உயரம். பெட்டியின் உள்ளளவு 80க்கு 50, ஆழம் 22 மி.மீ.; அதாவது 88 மில்லி. பாதிக்கு 100 கிராம் சிலிகான் தாராளம்.

ஊற்றுவாயை அடிப்பாகத்தில் வைப்பதே நல்லது, வெட்டிய தழும்பு வெளியே தெரியாது. அதற்காகக் குதிரை தலைகீழாக நிற்கும். அங்கேதான் சிக்கல். கீழ்நோக்கி இருந்த மூக்கு இப்போது மேல்நோக்கிய முனை. ரெசின் கீழிருந்து ஏற ஏற, அந்த முனையில் ஒதுங்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. தட்டையான அடிப்பாகமும் இப்போது கூரைதான். அதன் விளிம்பிலும் காற்று தங்கும்.

புதிய வரைபடத்தில் குதிரையைப் பெட்டிக்குள் 10 பாகை சாய்த்தேன். அடிப்பாகத்தின் முன்விளிம்பு உயர்ந்தது, பின்விளிம்பு தாழ்ந்தது. தாழ்ந்த பக்கம் 7 மி.மீ. ஊற்றுவாய், மேலே புனல்போல் அகன்றது. மூக்கு நுனியிலிருந்து ஒன்று, முன்விளிம்பிலிருந்து ஒன்று என 2 மி.மீ. காற்றுத்துளைகள். எல்லாமே இரு பாதிகளும் சேரும் தளத்திலேயே ஓடுவதால், பெட்டித் தரையில் பாதி உருளைகளாகவே அச்சாகிவிடும். துளை வழியில் எங்கும் கீழிறங்கக் கூடாது. இறங்கினால் மேலே எழும்பிய வளைவில் காற்று மறுபடி மாட்டும்.

பெட்டிக்கு பிஎல்ஏ போதும். ஒளியில் இறுகும் ரெசினில் அச்சிட்ட பெட்டி என்றால் பிளாட்டினம் வகை சிலிகான் அதன்மீது இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். பிஎல்ஏ பெட்டியிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அச்சாகும்போது மூலை தூக்கிக்கொண்டால் தரை வளைந்துவிடும். பாதிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, வார்ப்பின் ஓரத்தில் மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ரப்பர் வளையத்தால் இறுக்கிச் சரிசெய்ய முயன்றால் சிலிகான் நசுங்கிக் குதிரை ஒடுங்கும். இருபுறமும் பலகை வைத்து லேசாகக் கட்டினால் போதும்.

இந்த முறை மெல்லிய இழையாக ஊற்றினேன். முதலில் மூக்குத் துளையில் ரெசின் எட்டிப்பார்த்தது. சற்று நேரத்தில் முன்விளிம்புத் துளையிலும். ஊற்றுவதை நிறுத்தினேன்.