வீடு சின்னதா, போதாததா?

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம். உள்ளே நுழைந்ததும் ‘வீடு ரொம்பச் சின்னது’ என்கிறோம். இதை ஆங்கிலத்தில் நான்கு விதமாகச் சொல்லலாம்.

‘தி ஹவுஸ் ஈஸ் சோ ஸ்மால்.’
‘இட் ஈஸ் சச் அ ஸ்மால் ஹவுஸ்.’
‘தி ஹவுஸ் ஈஸ் டூ ஸ்மால்.’
‘தி ஹவுஸ் ஈஸ் நாட் பிக் இனஃப்.’

நான்கிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கூட வந்த புரோக்கர் காதில் நான்கும் ஒன்றாக விழாது. முதல் இரண்டையும் கேட்டால், ‘அடேயப்பா, இவ்வளவு சின்ன வீடா!’ என்று வியக்கிறோம் என நினைப்பார். வீட்டை எடுத்துக்கொள்ள இன்னும் வாய்ப்பு உண்டு. பின் இரண்டையும் கேட்டால் அடுத்த வீட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஏனென்றால் ‘சோ’, ‘சச்’ இரண்டும் ஒன்றின் அளவை அழுத்திச் சொல்பவை, அவ்வளவுதான். ‘டூ’, ‘இனஃப்’ இரண்டும் அந்த அளவை நம் தேவையோடு வைத்துப் பார்ப்பவை. தேவையான அளவைத் தாண்டிப் போனால் ‘டூ’. தேவைக்கு எட்டினால் ‘இனஃப்’.

அதனால் ‘டூ’ பெரும்பாலும் குறை சொல்லும் சொல். ‘தி கிச்சன் ஈஸ் டூ பிக்’ என்றால், சமையலறை இவ்வளவு பெரிதாக இருப்பது நமக்குத் தொந்தரவு என்று பொருள். நம் ஊரில் பாராட்டாகச் சொல்லும் ‘டூ குட்’ பேச்சோடு இருக்கட்டும். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ‘வெரி குட்’ என்றே எழுதுங்கள்.

‘சோ’வா, ‘சச்’சா என்பதை அடுத்து வரும் சொல்லே முடிவு செய்யும். பெயரடையோ வினையடையோ தனியாக வந்தால் ‘சோ’: ‘சோ ஸ்மால்’, ‘ஹீ டாக்ஸ் சோ ஃபாஸ்ட்’. பெயரடையோடு பெயர்ச்சொல்லும் சேர்ந்து வந்தால் ‘சச்’. பெயர்ச்சொல் ஒருமையாக, எண்ணக்கூடியதாக இருந்தால் ‘சச்’சுக்குப் பின்னால் ‘அ’ வேண்டும்: ‘சச் அ ஸ்மால் ஹவுஸ்’. ‘அ சச் ஸ்மால் ஹவுஸ்’ என்பது தவறு. பன்மைக்கும், தண்ணீர் போல எண்ண முடியாதவற்றுக்கும் ‘அ’ கிடையாது: ‘சச் ஸ்மால் ரூம்ஸ்’, ‘சச் டர்ட்டி வாட்டர்’. ஒரு விதிவிலக்கு உண்டு. ‘மெனி’, ‘மச்’ ஆகியவற்றுக்கு முன்னால், பெயர்ச்சொல் பின்தொடர்ந்தாலும் ‘சோ’தான்: ‘சோ மெனி ரூம்ஸ்’, ‘சோ மச் வாட்டர்’.

‘இனஃப்’ இடம் மாறி உட்காரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: ‘இனஃப் வாட்டர்’. பெயரடைக்கும் வினையடைக்கும் பின்னால் வரும்: ‘பிக் இனஃப்’, ‘ஸ்லோலி இனஃப்’. ‘போதுமான அளவு பெரியது’ என்று தமிழில் யோசித்து ‘இனஃப் பிக்’ என்று எழுதிவிடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. ‘டூ’ நேராகப் பெயர்ச்சொல்லோடு சேராது. நடுவில் ‘மச்’ அல்லது ‘மெனி’ வேண்டும்: ‘டூ மச் நாய்ஸ்’, ‘டூ மெனி ஸ்டெப்ஸ்’. பெயரடைக்கு அது தேவையில்லை. ‘தி ரென்ட் ஈஸ் டூ மச் ஹை’ என்பது தவறு, ‘டூ ஹை’ என்றாலே போதும்.

பள்ளியில் ‘டூ... டு’ வாக்கியத்தை ‘சோ... தட்’ வாக்கியமாக மாற்றச் சொல்வார்கள். நம் வீட்டையே எடுத்துக்கொள்வோம்: ‘தி ஹவுஸ் ஈஸ் டூ ஸ்மால் டு லிவ் இன்.’ இதை மாற்றினால், ‘தி ஹவுஸ் ஈஸ் சோ ஸ்மால் தட் வீ கெனாட் லிவ் இன் இட்’ என்று வரும். ‘குடியிருக்க முடியாது’ என்ற மறுப்பு ‘டூ’வுக்குள்ளேயே அடக்கம். அதனால் முதல் வாக்கியத்தில் ‘நாட்’ இல்லை. இரண்டாவதில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பெண் போகும் இன்னோர் இடம் கடைசியில் வரும் ‘இட்’. ‘தட்’டுக்குப் பிறகு வருவது எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியம், எதில் வசிப்பது என்று அங்கே சொல்லியாக வேண்டும், ஆகவே ‘இட்’ தேவை. ‘டூ... டு’ வாக்கியத்தில் ‘ஹவுஸ்’ என்ற எழுவாயே அந்த வேலையையும் பார்த்துவிடுவதால் ‘இட்’ வரக்கூடாது. ஆனால் ‘இன்’ இருக்க வேண்டும். பலர் அதையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள்.

‘டூ’ போடும் முன் ‘எதற்கு? யாருக்கு?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ‘குடியிருக்க’, ‘எங்களுக்கு’ என்று பதில் வந்தால் ‘டூ’ சரி. பதில் வராவிட்டால் அங்கே வேண்டியது ‘வெரி’ அல்லது ‘சோ’.