மூன்று வினாடி எடுத்தால் குற்றமா?

ஐப்பசி மாதம், கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை. திருச்செந்தூர்க் கடற்கரையில் மணலே தெரியாதபடி ஜனக் கூட்டம். சூரசம்ஹாரத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்கும் வாலிபர்கள் அன்றிரவே அதை வெட்டி ஒட்டி, பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டையும் சேர்த்து இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் வேல் பாய்கிறது, சூரன் விழுகிறான், சத்தத்தைத்தான் காணோம்! பாட்டுக்கு உரியவர் சார்பில் ஒலி நிறுத்தப்பட்டிருக்கிறது.

"பத்து வினாடிதானே எடுத்தேன்? நன்றி என்றுகூடப் போட்டேனே!" என்று அங்கலாய்ப்பவர்கள் அநேகம். ஆனால் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் வினாடிக் கணக்கே கிடையாது. நன்றி சொல்வது அனுமதி பெற்றதாகவும் ஆகாது. தனுஷின் பட நிறுவனம் 2024-இல் நயன்தாராவுக்கு நோட்டீஸ் அனுப்பியதே, எதற்காக? சுமார் மூன்று வினாடிக் காட்சிக்காகத்தான். கேட்ட தொகையோ 10 கோடி ரூபாய்! விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று.

அப்படியானால் பிறர் படைப்பைத் தொடவே கூடாதா? தொடலாம். சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சொந்த உபயோகம், விமரிசனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது. எது நியாயம் என்பதற்கு நம் அண்டை மாநிலத்தில் ஒரு ருசிகரமான வழக்கு உண்டு.

தோப்பில் பாசி எழுதிய மலையாள நாடகம் ஒன்று 1952-இல் மேடையேறிப் பெரும் புகழ் பெற்றது. 'நீங்கள் என்னைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்' என்பது அதன் பெயரின் பொருள். நாற்பது வருஷங்களுக்குப் பின் சிவிக் சந்திரன் என்பவர், 'நீங்கள் யாரைக் கம்யூனிஸ்டாக்கினீர்கள்?' என்று எதிர்நாடகம் எழுதினார். மூல நாடகத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்து, அவற்றையே விசாரணைக் கூண்டில் ஏற்றினார். பாசியின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். 1996-இல் கேரள உயர்நீதிமன்றம் மூன்று கேள்விகளை எழுப்பிற்று. சொல்ல வந்த கருத்துக்கு எடுத்த அளவு பொருத்தமா? எடுத்த நோக்கம் என்ன? மூலத்துக்கு இது போட்டியாகுமா? எதிர்நாடகத்தைப் பார்த்தவன் மூல நாடகத்தைப் பார்த்தவன் ஆகமாட்டான் அல்லவா? தடை நீங்கியது.

இந்தக் கேள்விகளை மீம்காரர்களிடம் கேட்டுப் பார்ப்போம். ஒரு படத்தின் காட்சியை எடுத்து அந்தப் படத்தையே கேலி செய்தால், அது விமரிசனம். சட்டம் துணை நிற்கும். வடிவேலுவின் முகத்தை வைத்துப் பஸ் நெரிசலைக் கேலி செய்தாலோ, அங்கே எந்தப் படைப்பும் விமரிசிக்கப்படவில்லை! அதில் மீம்காரருக்குப் பலமான பிடிமானம் இல்லை. படத்துக்கு நஷ்டமில்லை என்பதால் படக்காரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். கடற்கரை வீடியோவின் பாட்டு இன்னும் மோசம். அது பாட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, பாட்டாகவே இனிக்கிறது. கோயில் சடங்கின்போது பாட்டு ஒலிக்கச் சட்டம் தரும் விலக்கும், சடங்கு முடிந்தபின் வீடியோவில் ஒட்டுவதற்குப் பொருந்தாது.

உண்மையான விமரிசனத்தையே முடக்கிவிட்டால்? உரிமையாளர் முறைப்படி எழுத்தில் புகார் தந்தால், வலைத்தளம் 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்து விதி. 21 நாட்களுக்குள் அவர் கோர்ட்டுத் தடையுத்தரவு கொண்டு வராவிட்டால், தளம் அதைத் திரும்ப வெளியிடலாம். ஆகவே புகார் வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, இருபத்திரண்டாம் நாள் தளத்துக்கு எழுதிக் கேட்கலாம்.