சேலத்தில் ஆபீஸ் கட்டுறீங்களா? ஈ.சி.பி.சி. கணக்கு எங்கே இடிக்கும்?

மின் இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த மின்தேவை 120 கே.வி.ஏ. இருந்தால், அந்த வணிகக் கட்டடம் ஈ.சி.பி.சி. எனும் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதியின் வரம்புக்குள் வந்துவிடும். 2017 பதிப்பின்படி, சேலத்தில் 3,000 சதுர மீட்டர் அலுவலகம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதில் 600 சதுர மீட்டர் பார்க்கிங்.

சுவர் பாஸ் ஆகுமா?

சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைச் சொல்வது யு மதிப்பு. எண் குறைந்தால் நல்லது. 10,000 சதுர மீட்டருக்குக் குறைவான அலுவலகத்துக்கு உச்சவரம்பு 0.63. இருபுறமும் பூசிய 9 இன்ச் செங்கல் சுவருக்கு அது சுமார் 2.0. மூன்று மடங்கு அதிகம்!

ஏ.ஏ.சி. பிளாக் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 200 மி.மீ. பிளாக்கின் வெப்பக் கடத்துத்திறன் 0.18 என்றால், பூச்சோடு சேர்த்து வருவது 0.76. இதுவும் ஃபெயில்தான். 15 மி.மீ. இன்சுலேஷன் ஷீட் சேர்த்தால் தேறிவிடும். செங்கல் சுவருக்கு 40 மி.மீ. வேண்டும்.

வடக்குக் கண்ணாடிக்குச் சலுகை இல்லை

கண்ணாடி உள்ளே விடும் சூரிய வெப்பத்தின் அளவு எஸ்.ஹெச்.ஜி.சி. அதன் வரம்பு 0.27. வடக்குப் பக்கத்துக்கு மட்டும் 0.50 வரை அனுமதி உண்டு. ஆனால் அது 15 டிகிரி அட்சரேகைக்கு மேலே உள்ள ஊர்களுக்கு. சேலமும் நாமக்கல்லும் 11 டிகிரியில் இருக்கின்றன. இங்கே சூரியன் கோடையில் தலைக்கு மேல் தாண்டி வடக்குப் பக்கமும் அடிக்கும். எனவே நான்கு திசைக்கும் 0.27தான். வட இந்திய டிசைனை அப்படியே காப்பி அடித்தால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

லைட் கணக்கில் நடக்கும் தப்பு

அலுவலகத்துக்கு அனுமதி ஒரு சதுர மீட்டருக்கு 9.5 வாட். 540 பேனல் லைட், ஒவ்வொன்றும் 40 வாட் என்றால் மொத்தம் 21,600. இதை 3,000-ஆல் வகுத்தால் 7.2 வரும். ஆனால் பார்க்கிங்குக்குத் தனி வரம்பு, தனிக் கணக்கு. எனவே 2,400-ஆல்தான் வகுக்க வேண்டும்: 9.0. அப்பவும் பாஸ் மாதிரி தெரியும்.

40 வாட் என்பது எல்.இ.டி.க்கு மட்டுமே என்றால், டிரைவர் இழப்பையும் சேர்க்க வேண்டும். அதோடு 44 வாட் என்றால் மொத்தம் 23,760, அதாவது 9.9. ஃபெயில்! நடைபாதையில் உள்ள 100 லைட்டை 22 வாட்டுக்கு மாற்றினால் 8.98-க்கு இறங்கிவிடும்.

ஒன்றை வைத்து ஒன்றை ஈடுகட்டலாமா?

சுவரில் கோட்டை விட்டதைக் கூரையிலோ கண்ணாடியிலோ ஈடுகட்டத் தனிக் கணக்கு முறை உண்டு. ஆனால் லைட்டில் மிச்சம் பிடித்ததை அதில் சேர்க்க முடியாது. அதற்கு முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து காட்ட வேண்டும். அந்தச் செலவுக்குப் போவதற்கு முன், 15 மி.மீ. ஷீட்டின் விலையைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.