உங்களுக்குத் தெரியுமா? இறக்கத்தில் பிரேக் ஒயிலும் கொதிக்கும்!

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது வேன் ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே வருகிறது. வீட்டாரும் பொதிகளும் நிறைந்த வேனில் வழியெல்லாம் பிரேக்கை மிதித்தே வந்தால், அந்தச் சூடு ஒயிலுக்கும் ஏறும். புதிய டொட் 3 ஒயில் 205 பாகையில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கலாம். ஆவிக் குமிழிகள் அமுங்கிவிடும் என்பதால் பெடல் தரைவரை போகும், வேன் நிற்காது. எங்கள் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவதே சரி.

புறப்படுமுன் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிவு. பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று. இரண்டில் எது என்றாலும் பயணம் நாளைக்கு.

டயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன், கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்குப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.