ஒரு வரிக்கு எத்தனை நாள்?

“வாடிக்கையாளர் ஆன்லைனில் பணம் கட்டலாம்.” டெண்டரில் இருப்பது இந்த ஒரு வரிதான். இதைச் சோதிக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்லி, மாறாத விலைக்குக் கையெழுத்தும் போட வேண்டும்.

அனுபவசாலிகள் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. எல்லாம் சுமுகமாக நடந்தால் 10 நாள், வழக்கமாக 16, சிக்கலானால் 40 என்று மூன்றாகப் பிரிப்பார்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 19 வரும். 40 ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது: யுபிஐ மட்டுமா, கார்டும் உண்டா? பணம் பிடித்தபின் இணைப்பு அறுந்தால் ரீஃபண்ட் யார் பொறுப்பு?

அந்தக் கேள்விகளையே அனுமானங்களாக்கி விலைப்புள்ளியில் எழுதிவிட வேண்டும்: ‘இரண்டு கட்டண முறைகள், இரண்டு பிரவுசர்கள், இரண்டு சுற்று மறுசோதனை, அதற்கு மேல் தனிக் கட்டணம்.’ பலர் கோட்டைவிடுவது மறுசோதனையில். அந்த 16 நாளில் முதல் சுற்றுச் சோதனைக்கு 4 நாள்தான். பிழை திருத்தியபின் மீண்டும் ஓட்டிப்பார்க்க 5 நாள். மிச்சம், டெஸ்ட் கேஸ் எழுதவும் தரவு தயாரிக்கவும் போய்விடும். போட்டிக்காக விலையைக் குறைக்கச் சொன்னால், நாளைக் குறைக்காமல் பிரவுசரைக் குறைப்பதே என் கட்சி.